வாஷிங் மெஷின் தண்ணீர் எங்கே ஓடிப்போகிறது?

செமி ஆட்டோமேடிக் மெஷினைக் கொடுத்துவிட்டு ஃப்ரண்ட் லோடு வாங்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. பழைய மெஷினின் அவுட்லெட் பைப் தரையில், நானி ட்ராப்பைப் பார்த்துக் கிடந்திருக்கும். புதிய மெஷினின் பைப்பையும் அங்கேயே போட்டுவிடுவார்கள். பிறகு புகார்கள் தொடங்கும். சலவை சொன்ன நேரத்தில் முடிவதில்லை, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, சோப்புப் போட்டும் அழுக்குப் போவதில்லை. எல்ஜி மெஷின் என்றால் திரையில் IE என்று காட்டும். போதிய தண்ணீர் ஏறவில்லை என்று அர்த்தம். ஆனால் குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நன்றாகவே வரும்.

உள்ளே ஏறும் தண்ணீர் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருப்பதுதான் காரணம். செமி ஆட்டோமேடிக்கில் தொட்டிக்கு அடியில் ஒரு வால்வு உண்டு. குமிழைத் திருப்பினால்தான் அது திறக்கும். அதனால் பைப் தரையில் கிடந்தாலும் தண்ணீர் தங்கும். ஃப்ரண்ட் லோடில் அப்படி வால்வு கிடையாது. அடியில் ஒரு பம்ப் மட்டும் இருக்கிறது. ஓடும்போது அது தண்ணீரை மேலே தள்ளும். நிற்கும்போது தண்ணீரைத் தடுக்காது. டிரம்மில் இருக்கும் தண்ணீரை வெளியே போகவிடாமல் நிறுத்துவது, அவுட்லெட் பைப் ஏறி நிற்கும் உயரம் ஒன்றுதான்.

பெரும்பாலான ஃப்ரண்ட் லோடு மெஷின்களுக்கு அந்த உயரம் 60 முதல் 100 சென்டிமீட்டர். 60-க்குக் கீழே போனால் தண்ணீர் தானாக வடியத் தொடங்கும். 100-க்கு மேலே போனால் பம்ப் திணறும், அழுக்குத் தண்ணீர் கொஞ்சம் திரும்பி டிரம்முக்கே வரும். எல்ஜியில் OE என்று காட்டுவது இந்த வடிகால் சிக்கலைத்தான். மெஷினை ஸ்டாண்டு மேல் வைத்தால் மெஷினின் அடியிலிருந்துதான் உயரத்தை அளக்க வேண்டும். 12 சென்டிமீட்டர் ஸ்டாண்டு என்றால், மெஷினுக்கு 75 சென்டிமீட்டர் கிடைக்கத் தரையிலிருந்து 87-இல் குழாயின் வாய் இருக்க வேண்டும்.

அந்தக் குழாயை அமைப்பது எளிது. ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாயை வாய் மேலே பார்க்கச் சுவரில் நிமிர்த்திக் கிளாம்ப் போட்டு, அடிமுனையை எல்போ வைத்து நானி ட்ராப்புக்குக் கொண்டுபோனால் போதும். ட்ராப்பில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர், சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் மேலே வரவிடாது. அவுட்லெட் பைப்பின் நுனியை வளைவுக் கொக்கியோடு குழாயின் வாய்க்குள் 10, 15 சென்டிமீட்டர் மட்டும் இறக்கிக் கட்டிவிடுங்கள். அடிவரை திணிக்கக் கூடாது. வாயைச் சுற்றி டேப் ஒட்டி அடைக்கவும் கூடாது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறதென்று பலர் செய்யும் தவறு இது. இடைவெளி வழியாகக் காற்று புகுந்தால்தான் பம்ப் நின்றதும் நீரோட்டம் அறுபடும். அடைத்துவிட்டால், பைப் உயரமாக ஏறியிருந்தும், மேடு தாண்டிய தண்ணீர் பின்னால் வரும் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, மெஷினை ஓடவிட்டுத் தண்ணீர் ஏறி முடிந்ததும் பாஸ் பட்டனை அழுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் பைப்பின் நுனியைக் கவனியுங்கள். பம்ப் ஓடாத அந்த நேரத்தில் தண்ணீர் வந்தால் உயரமோ காற்றிடைவெளியோ சரியில்லை.

இன்லெட் பக்கம் வேலை குறைவு. மெஷினின் உச்சியைவிடச் சற்று மேலே, கை எட்டும் இடத்தில், முக்கால் இஞ்ச் மரை உள்ள தனிக் குழாய் ஒன்று வேண்டும். பைப்பின் நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் கசிவை நிறுத்துகிறது. கையால் இறுக்கினாலே போதும். மெஷின் பக்கத்து மரை பிளாஸ்டிக் என்பதால் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் விரிசல் விடும்.

மேல்மாடியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் மெஷினுக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார். பல மெஷின்களுக்கு அதுவே குறைந்தபட்ச எல்லை. அதற்கும் கீழே போனால் தண்ணீர் மெதுவாக ஏறுவதோடு, இன்லெட் வால்வு முழுதாக மூடாமல் சொட்டவும் செய்யும், ஏனென்றால் அந்த வால்வு இறுக மூடுவதே தண்ணீரின் அழுத்தத்தால்தான். அங்கே தொட்டியை உயர்த்த வேண்டும், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

இதெல்லாம் பம்ப் உள்ள மெஷினுக்குத்தான். டாப் லோடு மெஷின்களில் பலவற்றில் பம்ப் இல்லை, தண்ணீர் தானாகவே வடிகிறது. அவற்றின் பைப்பை உயர்த்தினால் தண்ணீர் போகவே போகாது. ஆகவே புது வீட்டில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே எந்த வகை மெஷின் என்று முடிவு செய்து, அதன் கையேட்டில் உள்ள வடிகால் உயரத்தைப் பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள்.