கடை மெயிலுக்குக் கடை முகவரியிலிருந்தே பதில் போக

ஈரோட்டில் போர்வையும் துண்டும் மொத்தமாக விற்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொந்த உபயோகத்துக்குப் பல வருடங்களாக ஒரு ஜிமெயில் முகவரி வைத்திருக்கிறார். கடையின் பெயரில் வெப்சைட் தொடங்கியபோது அதோடு kadai@example.com என்பது போல ஒரு முகவரியும் வந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் கடை முகவரிக்கு விலை கேட்டு எழுதுகிறார். இவர் அதை போனில் படித்து, Reply தொட்டு, விலைப்பட்டியலையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்புகிறார். அது சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து போய்விடுகிறது. கடைக்கு எழுதியவருக்கு முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வங்கி எண் வந்தால், அவர் பணம் அனுப்பத் தயங்குவார். இப்படி முகவரி மாற்றிப் பணம் பறிக்கும் மோசடி நிறைய நடப்பதால் அவர் தயங்குவதுதான் சரி.

இதற்கு மூலகாரணம் பெரும்பாலும் போனில் இருப்பதில்லை. வெப்சைட் அமைத்துக் கொடுத்தவர், கடை முகவரிக்கு வரும் மெயில் எல்லாம் ஜிமெயிலுக்குத் தானாகப் போய்ச் சேரும்படி ‘ஃபார்வர்டு’ போட்டுக் கொடுத்திருப்பார். எல்லாம் ஒரே இடத்தில் வருவது வசதியாகத் தெரியும். ஆனால் போனில் உள்ள மெயில் செயலி, கடிதம் எந்தக் கணக்கின் பெட்டியில் கிடக்கிறதோ அந்தக் கணக்கிலிருந்துதான் பதில் அனுப்பும். ஃபார்வர்டு ஆகி வந்த கடிதம் ஜிமெயில் பெட்டியில் கிடக்கிறது. கடைக்கு என்று தனியாக ஒரு கணக்கு இருப்பதே செயலிக்குத் தெரியாது. அது ஜிமெயில் முகவரியைத்தான் போடும்.

ஆகவே நான் முதலில் சொல்வது, ஃபார்வர்டை நிறுத்திவிட்டுக் கடைக் கணக்கைப் போனில் தனிக் கணக்காகச் சேருங்கள் என்பதுதான். ஆண்ட்ராய்டு போனின் ஜிமெயில் செயலியில் மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் Add another account என்று வரும். கடை முகவரியும் கூகுளிடம் வாங்கியதாக இருந்தால் Google என்பதைத் தொட்டு உள்ளே போனால் போதும், மேற்கொண்டு வேலை இல்லை. வெப்சைட் நிறுவனம் கொடுத்த முகவரி என்றால் கடைசியில் உள்ள Other என்பதைத் தொட வேண்டும். முகவரியைக் கொடுத்ததும் எந்த வகைக் கணக்கு என்று கேட்கும். IMAP என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், போனில் படித்ததும் அனுப்பியதும் கடைக் கம்ப்யூட்டரிலும் தெரியும். POP3 வகையில் கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, போனில் ஒரு கணக்கு என்று பிரிந்துபோகும்.

அடுத்து இரண்டு சர்வர்களின் விவரம் கேட்கும். ஒன்று கடிதம் உள்ளே வருவதற்கு, மற்றொன்று வெளியே போவதற்கு. சர்வர் பெயர்களை வெப்சைட் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வருவதற்கான போர்ட் வழக்கமாக 993, வெளியே போவதற்கு 465 அல்லது 587. வெளியே போகும் சர்வர் பக்கத்தில்தான் கவனம் வேண்டும். Username என்ற இடத்தில் kadai என்று மட்டும் போட்டால் பல சர்வர்கள் ஏற்காது, @ குறிக்குப் பின்னால் வருவது உட்பட முழு முகவரியும் வேண்டும். இந்த இடத்தில் தகராறு வந்தால் சிலர், நமக்குத் தெரிந்ததுதானே என்று smtp.gmail.com என எழுதிச் சொந்த ஜிமெயில் கணக்கின் App password-ஐப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். மெயிலும் போகும். ஆனால் தன்னிடம் பதிவு செய்யாத முகவரியை அனுப்புநராகப் போட்டால் ஜிமெயில் சர்வர் அதை அழித்துவிட்டு, உள்நுழைந்தவரின் ஜிமெயில் முகவரியைப் போட்டுவிடும். போனில் பார்த்தால் கடைக் கணக்கிலிருந்து போனது போலவே தெரியும். பெறுபவருக்குத் தெரிவது வேறாக இருக்கும். இரண்டு கணக்கும் சரியாகச் சேர்த்தும் தவறான முகவரி போகிறதே என்று குழம்புபவர்கள் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கேட்கப்படும் Your name என்ற கட்டத்தில் எழுதுவதுதான் பெறுபவரின் திரையில் பெயராகத் தெரியும். அங்கே கடைப் பெயரை எழுதுங்கள்.

கணக்குகள் சேர்ந்ததும் All inboxes என்ற பகுதியில் இரண்டு பெட்டியின் கடிதங்களும் ஒன்றாகத் தெரியும். அங்கிருந்து Reply தொட்டாலும் கவலையில்லை, அந்தந்தக் கடிதம் வந்த கணக்கிலிருந்தே பதில் போகும். புதிதாக எழுதும் கடிதம்தான் ஏமாற்றும். அதற்கு வந்த பெட்டி என்று ஒன்று கிடையாது, அதனால் செயலி தானாக ஒரு கணக்கைப் போட்டுக்கொள்கிறது. கேலரியிலிருந்து ஒரு போர்வைப் படத்தை Share வழியாக மெயில் செய்யும்போதும் இதே கதைதான். அப்போதெல்லாம் மேலே உள்ள From வரியைத் தொட்டுக் கடை முகவரியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஃபார்வர்டை விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அதைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய முடியும், போன் செயலியில் அந்த அமைப்பு இல்லை. ஜிமெயிலைப் பிரவுசரில் திறந்து, Settings-க்குள் Accounts and Import பகுதியில் Send mail as என்ற இடத்தில் கடை முகவரியைச் சேர்க்க வேண்டும். அங்கும் கடையின் வெளிச்செல்லும் சர்வர் விவரம் கேட்கும், பிறகு கடை முகவரிக்கு ஒரு உறுதிக் குறியீடு வரும். அது முடிந்ததும் கீழே, கடிதம் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகட்டும் என்ற தேர்வைக் குறித்துவிடுங்கள். இதன்பின் போனின் From வரியிலும் கடை முகவரி வரும். இதற்கு ஒரு எல்லை உண்டு. கடிதத்தின் To வரியில் உங்கள் கடை முகவரி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்துத்தான் எதிலிருந்து பதில் போக வேண்டும் என்று முடிவாகிறது. ஒருவர் பத்துக் கடைகளுக்கு Bcc-யில் விலை கேட்டு எழுதியிருந்தால் To வரியில் உங்கள் முகவரி இருக்காது, பதில் சொந்த ஜிமெயிலிலிருந்து போகலாம். விலை விசாரணை அதிகம் வரும் கடைக்கு இது சின்ன விஷயம் அல்ல. தனிக் கணக்கே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்காமல் விடாதீர்கள். வீட்டில் வேறொருவரின் முகவரியிலிருந்து உங்கள் இரண்டு முகவரிகளுக்கும் தனித்தனியாக ஒரு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் போனிலிருந்து பதில் போடுங்கள். பிறகு அவருடைய போனில் அந்தப் பதிலைத் திறந்து பாருங்கள். உங்கள் போனில் பார்த்துப் பயனில்லை. அனுப்புநர் பெயருக்குக் கீழே தொட்டால் முழு முகவரி விரியும். கடைப் பெயர் தெரிகிறது, ஆனால் முகவரி ஜிமெயிலாக இருக்கிறது என்றால் வெளியே போகும் சர்வரில்தான் தவறு. முகவரி சரியாக இருந்து கடிதம் ஸ்பேம் பெட்டியில் விழுந்திருந்தால், வெப்சைட் நிறுவனத்திடம் உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் வரும் மெயில் உண்மையிலேயே உங்கள் டொமைனுடையதுதானா என்று மற்ற சர்வர்கள் சரிபார்க்க உதவும் பதிவுகள் அவை. போன் அமைப்பில் எதை மாற்றினாலும் அவற்றின் குறையைத் தீர்க்க முடியாது.

இந்த விவரங்களைக் கடை நோட்டில் எழுதி வையுங்கள், கடவுச்சொல்லை மட்டும் வேறிடத்தில் வையுங்கள். போன் மாற்றும்போது கூகுள் கணக்குக்குள் நுழைந்தால் ஜிமெயில் வந்துவிடும். Other வழியாகச் சேர்த்த கடைக் கணக்கைப் பெரும்பாலும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும், அப்போது சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.