எத்தனை விழுக்காட்டில் தெரியும் முதலாளியின் பெயர்?

திருப்பூரில் தயாராகும் ஒரு பனியன், நூல் வியாபாரியிடமிருந்து புறப்பட்டு நிட்டிங், சாய ஆலை, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் எனப் பல கைகள் மாறிய பிறகே ஏற்றுமதிப் பெட்டியை அடைகிறது. இந்தக் கைகளில் பெரும்பாலானவை ஜாப் ஒர்க் செய்யும் சிறு தொழிலகங்கள். வேலையை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பின்னர் காத்திருப்பவை. ஆர்டர் கொடுத்த பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பாக்கியை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தும்போது, அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'இந்தக் கம்பெனிக்கு உண்மையான முதலாளி யார்?' என்பதுதான்.

இதையே சட்டத்தின் மொழியில் கேட்டால், ஒருவர் எத்தனை விழுக்காடு பங்கு வைத்திருந்தால் அவரது பெயர் பொது ஆவணத்தில் இடம்பெறும் என்பதாகும். இதற்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்ல முடியாது. எண்ணைவிட முக்கியமானது, அந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் விடை எளிது. 2016-இல் பங்குச் சந்தைக்கு வந்த அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் போன்ற நிறுவனம், ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாள்களுக்குள் பங்குடைமைப் பட்டியலை வெளியிட வேண்டும். நிறுவனர்களும் அவர்தம் குழுவினரும் எவ்வளவு குறைவாகப் பங்கு வைத்திருந்தாலும் பெயருடன் இடம்பெறுவர். பொதுப் பங்குதாரர்களில் 1 விழுக்காடோ அதற்கு மேலோ வைத்திருப்பவர் மட்டுமே பெயருடன் வருவார். மற்றவர்கள் மொத்தக் கணக்கில் அடங்கிவிடுவர். ஒருவர் இரண்டு டீமேட் கணக்குகளில் 0.6 விழுக்காடு வீதம் வைத்திருந்தால், பான் எண் ஒன்றே என்பதால் அவை கூட்டப்பட்டு அவர் பெயர் வெளிப்படும். அதே பங்குகளைக் கணவரும் மனைவியும் பிரித்து வைத்திருந்தால் இருவர் பெயருமே வராது.

பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் நிலைமை தலைகீழ். அது ஆண்டுதோறும் நிறுவனப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் ஆண்டறிக்கையில் ஒரேயொரு பங்கு வைத்திருப்பவரின் பெயரும் இருக்கும். நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தி யாரும் அதைப் பார்க்கலாம். ஆனால், அது மார்ச் 31-ஆம் தேதி நிலவரம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்கள் வரை தாக்கலுக்கு அவகாசம் உண்டு என்பதால், பெரும்பாலும் நவம்பரில்தான் கண்ணில் படும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் மனிதரின் பெயருக்குப் பதிலாக இன்னொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் என்ன செய்வது? இதற்காகவே 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 90-ஆவது பிரிவு, 'குறிப்பிடத்தக்க பயனுரிமையாளர்' என்னும் கருத்தைக் கொண்டுவந்தது. 2018-இல் வகுக்கப்பட்டு 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பிற அமைப்புகளின் வழியாகவோ, அதனுடன் தம் நேரடிப் பங்கையும் சேர்த்தோ 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் வைத்திருப்பவர் BEN-1 படிவத்தில் தம்மை அறிவிக்க வேண்டும். நிறுவனம் அதை 30 நாள்களுக்குள் BEN-2 படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நேரடியாக மட்டுமே பங்கு வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது. அவர் பெயர்தான் ஏற்கெனவே உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறதே!

ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். ஓர் ஆடை நிறுவனத்தின் பங்குகளில் 40 விழுக்காடு மூத்த சகோதரர் ஒருவரிடம் நேரடியாக உள்ளது. 36 விழுக்காடு ஒரு முதலீட்டு நிறுவனத்திடமும், 16 விழுக்காடு ஓர் எல்எல்பி கூட்டாண்மையிடமும், எஞ்சிய 8 விழுக்காடு உறவினர் சிலரிடமும் உள்ளன.

மூத்தவர் பயனுரிமையாளர் பட்டியலில் வரமாட்டார், ஆண்டறிக்கையில் இருப்பார். முதலீட்டு நிறுவனத்தில் மூவர் முறையே 60, 30, 10 விழுக்காடு வைத்திருக்கின்றனர் என்று கொள்வோம். ஒரு நிறுவனத்தின் வழியாக ஒருவருக்கு மறைமுக உடைமை உண்டு எனக் கருத, அவர் அதில் பாதிக்கும் மேல் வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. எனவே, 60 விழுக்காடு உடையவர் வெளிப்படுவார். இரண்டாமவரின் 30 விழுக்காட்டைப் பெருக்கிப் பார்த்தால், ஆடை நிறுவனத்தில் 10.8 விழுக்காடு அவருடையது. ஆனால், விதியின் பார்வையில் அவரது மறைமுக உடைமை பூஜ்ஜியம்.

எல்எல்பி-க்கு வேறு அளவுகோல். அதில் கூட்டாளியாக இருந்தாலே போதும். பாதிக்கும் மேல் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே, அதில் வெறும் 5 விழுக்காடு வைத்திருப்பவரும் பயனுரிமையாளராக அறிவிக்கப்பட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஆடை நிறுவனத்தில் அவருடையது 0.8 விழுக்காடுதான். 0.8 விழுக்காட்டுக்காரர் பெயர் தெரிகிறது, 10.8 விழுக்காட்டுக்காரர் மறைந்திருக்கிறார்.

இதைவிடத் தெளிவான ஓட்டை, இருவர் சரிபாதியாக வைத்திருக்கும் முதலீட்டு நிறுவனம். இருவரில் எவரிடமும் பாதிக்கும் மேல் இல்லை. ஆனால், இந்த வழி முழுப் பாதுகாப்பு அன்று. பொது நோக்கத்துடன், எழுதாத புரிதலின்பேரில் இணைந்து செயல்படுவோரைச் சேர்த்தே பார்க்க விதி இடம் தருகிறது. பங்கு அளவு எதுவானாலும், நிறுவனத்தின்மீது கட்டுப்பாடோ குறிப்பிடத்தக்க செல்வாக்கோ செலுத்துபவரும் பயனுரிமையாளரே.

இந்தக் கடைசி விதி ஏட்டுச் சுரைக்காய் அன்று. மைக்ரோசாஃப்ட் 2016-இல் லிங்க்டுஇன்னை வாங்கியது. லிங்க்டுஇன் இந்தியா தொடர்பாக 2024 மே மாதம் தில்லி நிறுவனப் பதிவாளர் பிறப்பித்த ஆணை, மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவையும் லிங்க்டுஇன் தலைமைச் செயல் அதிகாரி ரயன் ரோஸ்லான்ஸ்கியையும் பயனுரிமையாளர்களாகக் கருதி, அறிவிக்கத் தவறியதற்காகத் தலா ரூ.2 லட்சம் அபராதம் விதித்தது. யார் யாருக்குக் கட்டுப்பட்டுப் பணியாற்றுகிறார்கள் என்பதையே அந்த ஆணை ஆதாரமாகக் கொண்டது.

ஜாப் ஒர்க் செய்பவர் கடன் கொடுக்கும் முன் இதை எப்படிப் பயன்படுத்தலாம்? முதலில் ஆண்டறிக்கையின் பங்குதாரர் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ ஒரு நிறுவனமோ எல்எல்பியோ இந்து கூட்டுக் குடும்பமோ வைத்திருந்தால், அந்த உறுப்பினருக்கு BEN-4 அறிவிப்பு அனுப்பி விவரம் கேட்பது ஆடை நிறுவனத்தின் கடமை. அடுத்து, தாக்கலான ஆவணங்களில் BEN-2 இருக்கிறதா என்று தேட வேண்டும். அது இல்லாவிட்டால் கடமை தவறியிருக்கலாம். அல்லது, நாம் பார்த்ததுபோல எவரும் பாதியைத் தாண்டாதபடி பங்குகள் பிரிக்கப்பட்டிருக்கலாம். எதுவானாலும், முன்பணம் கேட்பதற்கு அது போதிய காரணம்.

பத்து விழுக்காடு என்னும் வரம்பைக் குறைக்கச் சொல்லும் குரல்கள் உண்டு. பிரிட்டன் 2016-இல் தொடங்கிய பதிவேட்டின் வரம்பு 25 விழுக்காடுக்கு மேல் என்பதை நோக்க, நம் எண் கண்டிப்பானதே. என் கருத்தில் மாற வேண்டியது எண் அன்று, கணக்கிடும் முறை. பாதிக்கும் மேல் என்ற சோதனையுடன், அடுக்கடுக்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்து, இரண்டில் ஒன்றில் 10 விழுக்காட்டை எட்டினாலும் பெயரை அறிவிக்கச் செய்ய வேண்டும். அப்படியானால் நம் கற்பனை நிறுவனத்தின் 10.8 விழுக்காட்டுக்காரர் யார் என்பது, அவருடைய துணிக்குச் சாயமிட்டுவிட்டுக் காசுக்குக் காத்திருப்பவருக்கும் தெரிந்திருக்கும்.