நினைவில்லாத நாளுக்கு ஒரு வாழ்த்து

வயதானவர் ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால் எங்கள் தீவுப் பக்கத்தில் “அறளை பெயர்ந்துவிட்டது” என்பார்கள். அது முதுமையோடு எல்லோருக்கும் வருவது என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் டிமென்சியா என்பது மூளையின் கலங்கள் பழுதடைவதால் வரும் நோய் நிலை. அதில் அதிகமாகக் காணப்படும் வகை அல்சைமர். நயினாதீவில் இருக்கும் என் வாப்பாவுக்கும் அதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் தங்கிப் படிக்கிறேன். இம்முறை வாப்பாவின் பிறந்தநாள் பாடசாலை நாளொன்றில் வந்தது. ஆகவே, உம்மா வாசித்துக் காட்டுவதற்கு ஒரு செய்தி எழுத வேண்டியிருந்தது. எந்த நாள் என்றே தெரியாத ஒருவருக்கு என்ன எழுதுவது?

அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது மூளையின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியை. புதிய நிகழ்வுகளைப் பதிவு செய்ய உதவுவது அதுதான். எனவே நேற்று நடந்தது முதலில் அழிகிறது. இளமையில் நடந்தது நெடுநாள் நிற்கிறது. ஆயிரம் முறை சொல்லிப் பழகிய சொற்கள் அதைவிடவும் நீண்டு நிற்கும்.

இன்னொன்றும் நிற்கிறது: உணர்வு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளர்களுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படத்துண்டுகளைக் காட்டிச் சோதித்து, 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். சில நிமிடங்களில் படங்கள் பெரும்பாலும் மறந்துபோயின; அவை எழுப்பிய உணர்வோ மறையவில்லை. தவறான வாழ்த்து, காரணம் தெரியாத கவலையை விட்டுச்செல்லும் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

நாங்கள் வழக்கமாக எழுதும் வாழ்த்து இப்படி இருக்கும்: “வாப்பா, இன்றைக்கு உங்களுக்கு 67 வயது! போன வருடம் எல்லோரும் கூடினோமே, ஞாபகமிருக்கா? மூத்தப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்!” இதில் மூன்று இடங்களில் முள் இருக்கிறது. தன்னை முப்பது வயதுக்காரராக எண்ணியிருப்பவருக்கு 67 என்பது அதிர்ச்சி. “ஞாபகமிருக்கா” என்பது விடை தெரியாத பரீட்சை. மூத்தப்பா காலமானது நினைவில் இல்லாவிட்டால், அந்த மரணச் செய்தியை அவர் இன்றுதான் கேட்கிறார்.

நான் எழுதியது இது:

“அஸ்ஸலாமு அலைக்கும், வாப்பா.
நான் உங்கட சின்ன மகள்.
குறிகட்டுவானில பிடவை மூட்டைய வள்ளத்தில ஏத்தினது நீங்க.
வாடைக்காத்திலயும் ஒரு சீலை நனையல்ல.
இண்டைக்கு உங்கட நாள். உம்மா வட்டிலப்பம் செஞ்சிருக்கிறா.
நீங்க என்ட வாப்பா. எனக்குச் சந்தோசம்.”

ஸலாமுக்குப் பதில் சொல்ல யோசிக்கத் தேவையில்லை, நாக்கே சொல்லிவிடும். அப்படித் தொடங்கினால் அவர் முதல் வரியிலேயே பேச்சில் சேர்ந்துவிடுகிறார். யார் எழுதியது என்பதை அவர் ஊகிக்காதபடி இரண்டாம் வரி சொல்லிவிடுகிறது. அடுத்த இரண்டும் அவருடைய இருபதுகளைச் சேர்ந்தவை. கேள்வியாகக் கேட்காமல், நானே சொல்லிக் கொடுக்கிறேன்.

“மூட்டை” என்று மட்டும் எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவும் ஒரு மூட்டையுடன் போனவர். அந்த நினைவும் ஆழத்தில்தான் கிடக்கிறது. பழைய நினைவெல்லாம் இனிமையானதல்ல. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று பார்த்துத் தட்ட வேண்டும்.

வரிக்கு ஒரு செய்தியாக, பளபளப்பில்லாத தாளில், பெரிய எழுத்தில் எழுதினேன். டிமென்சியா உள்ள பலருக்கு மாலையில் குழப்பம் கூடும். ஆகவே காலைத் தேநீருக்குப் பிறகு வாசிக்கும்படி உம்மாவிடம் சொன்னேன். ஒரு வரி வாசித்து, மெதுவாகப் பத்து எண்ணும் அளவுக்குப் பொறுக்க வேண்டும். பதில் வரத் தாமதமாகும். அவர் கைகளைப் பிசைந்தாலோ, வாசலைப் பார்த்து “வீட்ட போகணும்” என்றாலோ நிறுத்திவிட வேண்டும். “எனக்கு அப்படி மகள் இல்லையே” என்றால் வாதாடாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

இந்தச் செய்தி நோயைக் குறைக்காது. ஒருநாள் மகள் என்ற வரிக்கே பொருள் இல்லாமல் போகலாம். அப்போது அந்த வரியை எடுத்துவிட்டு, ஸலாமையும் வள்ளத்தையும் வைத்துக்கொள்வேன்.

அன்று வாப்பா ஸலாமுக்கு முழுப் பதில் சொன்னாராம். வள்ளம் என்றதும் “துறையில அலை கூடவா?” என்று கேட்டாராம். சற்று நேரத்தில் தாளையே மறந்துவிட்டார். ஆனால் வட்டிலப்பத்தை வழக்கம்போல் தள்ளிவிடாமல் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் உம்மா அதே தாளை மறுபடி வாசித்தா. வாப்பாவுக்கு அது புதிய செய்தியாகவே இருந்தது.