அனுப்பீட்டு விற்பனைக் கணக்குச் சீட்டைத் திருத்தி எழுதுதல்

பொருளைச் செய்தவர் அதைக் கடையில் வைத்து, விற்ற பிறகு பணம் பெறும் முறை அனுப்பீட்டு விற்பனை எனப்படும். விற்கும்வரை பொருள் செய்தவருக்கே உரியது. கடைக்காரர் அவருடைய முகவர் மட்டுமே. எனவே ஒவ்வொரு பொருளும் என்னவாயிற்று என்பதைக் கடை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்த எழுத்தே கணக்குச் சீட்டு.

தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பனையோலைப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கிருந்து ஒருவர் சென்னைக் கடை ஒன்றுக்கு, ஒன்று ₹250 விலையில் 40 ஓலைப்பெட்டிகளை அனுப்பியதாகக் கொள்வோம். விற்ற விலையில் 30% கமிஷன் என்பதும், திருப்பி அனுப்பும் செலவு அவருடையது என்பதும் பேச்சு. மாத முடிவில் வந்த சீட்டு இது:

"விற்பனை 24. ரிட்டர்ன் 7. கமிஷன் ₹1,800. பார்சல் ₹150. அனுப்பிய தொகை ₹3,550."

இதைப் படிப்பவர் 40-இல் 24-ஐயும் 7-ஐயும் கழித்து, கடையில் 9 பெட்டிகள் இருப்பதாக எண்ணுவார். உண்மையில் இருப்பவை 13. நான்கு பெட்டிகள் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டன! தொகையும் எப்படிக் கூட்டினாலும் பிடிபடாது.

குழப்பத்தின் வேர் 'ரிட்டர்ன்' என்ற ஒரே சொல். வாங்கியவர்கள் கடையில் திருப்பிக் கொடுத்த 2 பெட்டிகளும், பூஞ்சை பிடித்ததால் கடை மணப்பாட்டுக்கு அனுப்பிய 5 பெட்டிகளும் அதில் ஒன்றாகக் கலந்துள்ளன. முதல் வகை விற்பனையைக் குறைக்கும், ஆனால் கடை இருப்பில் சேரும். இரண்டாம் வகை இருப்பைக் குறைக்கும், விற்பனையைத் தொடாது. இரண்டையும் பிரித்து எழுதினால் சீட்டு இவ்வாறு அமையும்:

"வணக்கம் அம்மா. மார்ச் மாதக் கணக்கு.
நீங்கள் அனுப்பியவை: 40
விற்றவை 24, வாங்கியவர்கள் திருப்பித் தந்தவை 2, நிகர விற்பனை: 22
உங்களுக்குத் திருப்பி அனுப்பியவை (மூடியில் பூஞ்சை): 5
கடையில் இருப்பவை: 13
விற்பனைத் தொகை, 22 × ₹250: ₹5,500
கமிஷன் 30%: ₹1,650
பார்சல் செலவு: ₹150
உங்களுக்குச் சேர வேண்டியது: ₹3,700"

இப்போது 22, 5, 13 மூன்றையும் கூட்டினால் 40 வருகிறது. கூட்டல் பொருந்தாத சீட்டை அனுப்பவே கூடாது. இன்னொன்றும் வெளிப்படுகிறது. பழைய சீட்டில் திரும்பி வந்த 2 பெட்டிகளின் விலை ₹500 கழிக்கப்பட்டது. அவற்றுக்கான கமிஷன் ₹150 மட்டும் கடையிடமே நின்றுவிட்டது. ₹3,550-க்கும் ₹3,700-க்கும் உள்ள வேறுபாடு அதுவே. தொகை ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால், "முன்பு அனுப்பியது ₹3,550, இப்போது அனுப்புவது ₹150" என்று இறுதியில் சேர்க்க வேண்டும். புதுத் தொகையை மட்டும் எழுதிப் பழையதை மறைப்பது முறையன்று.

சீட்டால் தீராதது ஒன்று உண்டு. பூஞ்சை கடையின் ஈரச்சுவரால் வந்ததா, ஓலை சரியாகக் காயாததாலா? அந்த இழப்பு யாருடையது என்பதைப் பொருள் ஒப்படைக்கும்போதே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டில் காரணத்தைக் குறிப்பதால் அவர் கேள்வியாவது எழுப்ப முடியும். வெறும் '5' என்றிருந்தால் அதற்கும் வழியில்லை.

ஏப்ரல் சீட்டின் முதல் வரி, "கடையில் முன்னிருப்பு: 13".