ஒரு படி குறைவான பதவி: ரெக்ரூட்டருக்கு என்ன பதில் எழுதுவது?

கூகுளில் எல்-5 என்றால் சீனியர் பொறியாளர். அமேசானில் அதே எல்-5 இடைநிலைப் பொறியாளர்தான். சீனியர் என்பது அங்கே எல்-6. பெரிய முதலீட்டு வங்கிகளில் ‘வைஸ் பிரசிடென்ட்’ என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பவர்கள் பல ஆயிரம் பேர். அது அங்கே நடுத்தரப் பதவி. இப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிப் படிக்கட்டு. உங்கள் இப்போதைய பதவியை விடச் சின்னதாக ஒன்றை ரெக்ரூட்டர் சொல்லும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். பெரும்பாலும் அவர் தன் நிறுவனத்தின் அட்டவணையைத்தான் வாசிக்கிறார்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஐ.டி. சேவை நிறுவனம் ஒன்றில் 11 ஆண்டு அனுபவம், பதவி ‘டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட்’. சொந்தமாக மென்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ரெக்ரூட்டர் அவரை அழைத்து, இடைநிலைப் பொறியாளர் வேலை இருக்கிறது என்கிறார். சுருக்கென்று இருக்கும். அந்தச் சூட்டில் எழுதும் பதிலில் ‘ஏற்கெனவே’, ‘என் அனுபவத்துக்கு’, ‘வெறும்’ ஆகிய சொற்கள் தாமாக வந்து விழும். வாசிப்பவருக்குக் கோபம் தெரிவதே இந்தச் சொற்களில்தான். வரைவில் அவை இருந்தால் எடுத்துவிடுங்கள். பதவிப் பெயருக்குப் பதிலாக, உங்கள் கையில் இருக்கும் பொறுப்பை எழுதுங்கள். அவர் எழுத வேண்டிய பதில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம். தொடர்புகொண்டதற்கு நன்றி. இந்தக் குழு செய்யும் வேலை எனக்கு ஆர்வமூட்டுகிறது. நிலையைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். நான்கு குழுக்கள் பயன்படுத்தும் பில்லிங் மென்பொருளின் வடிவமைப்பு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது; ஆறு பொறியாளர்களின் வடிவமைப்புகளை நான் சரிபார்க்கிறேன். இந்தப் பொறுப்பு உங்கள் நிறுவனத்தில் எந்த நிலைக்குப் பொருந்தும்? சீனியர் நிலைக்கு இன்டர்வியூ வைக்க இயலுமா? அதில் தேறாவிட்டால் இப்போது சொன்ன நிலைக்கு என்னைப் பரிசீலிப்பீர்களா? இரண்டு நிலைகளின் சம்பள வரம்பையும் தெரிவித்தால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.”

இதில் புகார் கிடையாது. ரெக்ரூட்டர் அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பக்கூடிய தகவல் இருக்கிறது. நிலையை முடிவு செய்வது பெரும்பாலும் ரெக்ரூட்டர் அல்லர். பணியமர்த்தும் மேலாளரும் இன்டர்வியூ எடுப்பவர்களும்தான். அவர்களிடம் உங்களுக்காகப் பேச அவருக்கு உண்மைகள் வேண்டும். ‘தேறாவிட்டால்’ என்ற கேள்வியும் முக்கியம். சில நிறுவனங்கள் மேல் நிலையில் தேறாதவருக்குக் கீழ் நிலையைத் தரும். சில ஒரேயடியாக நிராகரித்துவிடும். எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இதையெல்லாம் இன்டர்வியூவுக்கு முன்பே கேட்க வேண்டும். அப்போது நிலை இன்னும் இளகிய நிலையில் இருக்கும். இன்டர்வியூ முடிந்து நிலை குறைக்கப்பட்டால், அது உங்கள் விடைகளை வைத்து எடுத்த முடிவு. அப்போது, “எந்தப் பகுதியில் சீனியர் நிலைக்குப் போதவில்லை? அதற்காக மட்டும் இன்னொரு சுற்று வைக்க முடியுமா?” என்று கேட்கலாம். முடியாது என்று பதில் வந்தால் அதோடு நிலையை விட்டுவிட்டு, சம்பளத்தைப் பேசுங்கள். நிலையை மாற்றப் பலரின் ஒப்புதல் வேண்டும். அதே நிலையின் வரம்புக்குள் சம்பளத்தைக் கூட்டுவதும் ஜாய்னிங் போனஸ் தருவதும் அதைவிட எளிது. ஜாய்னிங் போனஸ் வாங்கினால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இப்போது சேருங்கள், ஆறு மாதத்தில் பதவி உயர்வு” என்ற வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். பதவி உயர்வு ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது, புதிதாகச் சேர்ந்தவர் எப்போது தகுதி பெறுவார் என்று கேளுங்கள். விதியாக இருந்தால் உடனே பதில் வரும். “அதெல்லாம் பார்த்துக்கலாம்” என்று வந்தால், அந்த உயர்வு இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

கடைசியில் எடைபோட வேண்டியது மூன்று: கையில் வரும் சம்பளம், செய்யப்போகும் வேலையின் அளவு, அடுத்த படிக்கான வழி. மூன்றில் இரண்டு இப்போதைய வேலையைவிட மேலாக இருந்தால், சின்னப் பெயருள்ள பதவியை ஏற்பதில் நஷ்டமில்லை. இல்லையென்றால், “இந்த நிலை இப்போது எனக்குப் பொருந்தவில்லை, சீனியர் இடம் வரும்போது அவசியம் தொடர்புகொள்ளுங்கள்” என்று இரண்டு வரியில் மறுத்துவிடுங்கள். ரெக்ரூட்டர்கள் நிறுவனம் மாறுவார்கள். மரியாதையாக மறுத்தவரின் பெயரை அடுத்த இடத்துக்கும் கொண்டுபோவார்கள்.