எந்த மாதம் சேர்ந்தவர்கள் போகிறார்கள்?

அமெரிக்காவில் ப்ளூ ஏப்ரன் என்றொரு நிறுவனம். ஒரு வேளைச் சமையலுக்கு வேண்டிய காய், மசாலா, இறைச்சி எல்லாவற்றையும் அளந்து, செய்முறைக் குறிப்போடு பெட்டியில் வைத்துச் சந்தாதாரர் வீட்டுக்கு அனுப்பிவந்தது. 2012இல் தொடங்கி, 2017 ஜூனில் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த ஆண்டின் முதல் காலாண்டில் ஒரு பெட்டியாவது வாங்கியவர்கள் 10 லட்சத்து 36 ஆயிரம் பேர். கடைசிக் காலாண்டில் 7 லட்சத்து 46 ஆயிரம் பேர்தான். இடையில் புதிய கிடங்கு ஒன்றில் சிக்கல் வந்து, விளம்பரத்தைக் குறைத்திருந்தார்கள். புதியவர்கள் வருவது குறைந்ததும், பழையவர்கள் எவ்வளவு பேர் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டது.

மொத்த எண்ணிக்கையில் இது ஏன் முன்பே தெரியவில்லை? சந்தாத் தொழிலில் எல்லோரும் முதலில் பார்ப்பது சர்ன் ரேட், அதாவது விலகல் விகிதம். மாதத் தொடக்கத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அந்த மாதம் நின்றுவிட்டார்கள் என்ற கணக்கு. எளிய கணக்கு என்பதாலேயே அதை நம்பிவிடுகிறோம்.

கணக்குக்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். வீடுகளுக்கு மாதச் சந்தாவில் இட்லி மாவு கொடுக்கிறார்கள். ஜனவரியில் 1,000 சந்தாதாரர்கள். 40 பேர் நின்றார்கள். விலகல் 4 சதவீதம். ஆகஸ்டில் 1,500 பேர். 60 பேர் நின்றார்கள். அதுவும் 4 சதவீதம்தான். முதலாளி நிம்மதியாக இருப்பார். ஆனால் உள்ளே பாருங்கள். ஜனவரியில் பழையவர்கள் 900 பேரில் 18 பேர் நின்றார்கள். முந்தைய மாதம் புதிதாகச் சேர்ந்த 100 பேரில் 22 பேர். ஆகஸ்டில் பழையவர்கள் 1,400 பேரில் 28 பேர். புதிய 100 பேரில் 32 பேர். பழையவர்களின் விலகல் இரண்டு மாதமும் அதே 2 சதவீதம். புதியவர்களின் விலகல் மட்டும் 22இலிருந்து 32க்குப் போய்விட்டது. பழையவர்களின் கூட்டம் பெருத்ததால் அது மொத்தத்தில் கரைந்துவிட்டது.

இதைப் பிரித்துக் காட்டுவதுதான் கோஹார்ட் கணக்கு. ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு பேட்சாக வைத்து, அந்த பேட்சில் ஒவ்வொரு மாதமும் எத்தனை பேர் மிச்சம் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். எக்செல் தெரிந்தால் போதும். சந்தாதாரர் எண், சேர்ந்த தேதி, கடைசியாகப் பணம் கட்டிய தேதி, இந்த மூன்றும் இருந்தால் அட்டவணை வந்துவிடும். நம் மாவுக் கடைக்கு மே மாத முடிவில் அது இப்படி இருக்கிறது:

| சேர்ந்த மாதம் | சேர்ந்தவர் | 1 மாதம் கழித்து | 2 மாதம் | 3 மாதம் | 4 மாதம் |
|---|---|---|---|---|---|
| ஜனவரி | 100 | 78 | 71 | 68 | 60 |
| பிப்ரவரி | 100 | 77 | 70 | 61 | |
| மார்ச் | 100 | 76 | 62 | | |
| ஏப்ரல் | 100 | 66 | | | |

இடமிருந்து வலமாகப் படித்தால் ஆட்கள் எப்போது போகிறார்கள் என்பது தெரியும். முதல் மாதத்தில் இருபது பேருக்கு மேல் போய்விடுகிறார்கள், பிறகு வேகம் குறைகிறது. மேலிருந்து கீழாகப் படித்தால், புது பேட்ச்கள் பழைய பேட்ச்களைவிட மோசமாகின்றனவா என்று தெரியும். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பலர் அதைப் படிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசி எண்ணையும் குறுக்காகப் பாருங்கள்: 60, 61, 62, 66. சேர்ந்து எத்தனை மாதமானாலும் எல்லா பேட்ச்களும் ஒரே நேரத்தில் சரிந்திருக்கின்றன. அந்த நான்கு கட்டங்களும் மே மாதம். குறுக்குச் சரிவு என்றால் குறை சந்தாதாரரின் வயதில் இல்லை, அந்த மாதத்தில் இருக்கிறது. விலை ஏறியிருக்கலாம், டெலிவரி சொதப்பியிருக்கலாம். மே என்பதால் பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கவும் கூடும். அப்படியானால் ஜூனில் பாதிப்பேராவது திரும்பி வருவார்கள். திரும்பவில்லை என்றால்தான் கவலை.

ஜூலை பேட்சில் நடந்தது வேறு. 100 பேரில் முதல் மாதமே 32 பேர் போனார்கள். மற்ற பேட்ச்கள் அந்த நேரத்தில் அசையவில்லை. ஆக, கோளாறு இந்த பேட்ச் வந்த விதத்தில். அதை இன்னொரு முறை பிரித்தால் விஷயம் கிடைக்கிறது. ‘முதல் மாதம் பாதி விலை’ விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் 60 பேர். அவர்களில் 23 பேர் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தார் சொல்லி முழு விலைக்கு வந்த 40 பேரில் போனவர்கள் 9 பேர், அதாவது பழைய வழக்கம்தான். மாவின் ருசியில் குற்றமில்லை. சலுகைக்காக வந்தவர்கள் சலுகையோடு போனார்கள். ஆனால் இதற்கு மேல் பிரிக்காதீர்கள். தெரு வாரியாக, கிழமை வாரியாக என்று பிரித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சுவார்கள். இரண்டு பேர் வீடு மாறினாலே அது பெரிய சரிவுபோலத் தெரியும்.

அட்டவணையில் இன்னொரு மயக்கமும் இருக்கிறது. ஜனவரி பேட்சில் முதல் மாதம் 22 பேர், அடுத்து 7, அடுத்து 3 என்று விலகல் குறைந்துகொண்டே வருகிறதே, பழகப் பழக மாவு பிடித்துப்போகிறது போலும் என்று தோன்றும். அப்படி இருந்தாக வேண்டியதில்லை. பீட்டர் ஃபேடர், புரூஸ் ஹார்டி என்ற இரு பேராசிரியர்கள் 2007இல் ஒரு கட்டுரையில் இதைக் காட்டினார்கள். ஒவ்வொருவருடைய மனநிலையும் மாறாமலே இருந்தாலும்கூட, சீக்கிரம் போகக்கூடியவர்கள் முதலில் போய்விடுவதால், மிஞ்சியவர்களின் விகிதம் தானாகவே நன்றாகத் தெரியும். ‘நம் தரம் உயர்ந்துவிட்டது’ என்று கடைக்காரர் பாராட்டிக்கொள்ளும் முன், புது பேட்சின் முதல் மாதத்தையும் பழைய பேட்சின் முதல் மாதத்தையும் ஒப்பிட வேண்டும்.

ப்ளூ ஏப்ரன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து முதல் 6 மாதத்தில் சராசரியாக 410 டாலரும், 36 மாதத்தில் மொத்தம் 939 டாலரும் வருவதாகச் சொல்லியிருந்தது. 939 பெரிய தொகைதான். ஆனால் பின் 30 மாதத்துக்கு 529 டாலர்தான் கிடைக்கிறது. ஆறு மாதத்துக்குச் சுமார் 106, முதல் அரையாண்டில் கிடைத்ததில் கால்வாசி. ஆட்கள் போனார்களா, இருந்தவர்கள் குறைவாக வாங்கினார்களா என்று இந்த எண் பிரித்துச் சொல்லாது. மேலும் 2017 தொடக்கத்தில் 36 மாதத்தை முடித்தவர்கள், கம்பெனி சிறிதாக இருந்தபோது சேர்ந்த முதல் பேட்ச்கள். 2016இல் மட்டும் விளம்பரத்துக்கு 14 கோடி டாலருக்கு மேல் செலவழித்துச் சேர்த்த கூட்டமும் அப்படியே நடந்துகொள்ளும் என்று அதிலிருந்து முடிவு கட்ட வழியில்லை.

சரி, நின்றவர் எல்லோரும் மனம் வெறுத்தா நின்றார்? இந்தியாவில் 2021 அக்டோபர் முதல் தேதி ரிசர்வ் வங்கியின் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்ல வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். இந்த வரம்பு 2022இல் 15,000 ஆனது. பழைய முறையில் பதிவான பல சந்தாக்களுக்குப் பணம் எடுக்க முடியாமல் போனது. அட்டவணை இவர்களையும் விலகியவர்களாகத்தான் காட்டும். இவர்களை அடையாளம் காண வழி இருக்கிறது. மனம் விட்டுப்போனவர் நிறுத்தும் முன்பே இரண்டு மூன்று நாள் ‘இன்று வேண்டாம்’ என்று தள்ளிப்போட்டிருப்பார். பணம் போகாதவரோ முந்தைய நாள் வரை ஒழுங்காக மாவு வாங்கியிருப்பார். விலகிய தேதியும் பணம் எடுக்கும் தேதியும் ஒன்றாக இருக்கும். முதலாமவரை, அவர் தள்ளிப்போடத் தொடங்கிய வாரத்திலேயே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரண்டாமவருக்கு ஒரு யுபிஐ இணைப்பு அனுப்பினால் போதும். அவர் பணம் கட்டித் திரும்பியதும் புதியவர் என்று எழுதிவிடக் கூடாது. பழைய பேட்சின் வரிசையிலேயே சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் ஒரு பக்கம் விலகியவராகவும் மறுபக்கம் புது வரவாகவும் எண்ணப்படுவார். இரண்டு கணக்குமே கெடும்.