பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல்

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர், கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வில் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்து பழக விரும்புகிறார்கள். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவமும், பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதமும் கைகொடுக்கும். தெரிந்தவர் யாரும் இல்லாத பிள்ளை, நேராகப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் இப்படிப் போகும் கடிதங்களில் பலவற்றுக்குப் பதில் வருவதில்லை.

"சும்மாவே வேலை செய்கிறேன் என்கிறான், வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது?" என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. பேராசிரியருக்கு அது சும்மா இல்லை. புதிதாக வருபவருக்கு அங்குள்ள ஆய்வு மாணவர் ஒருவர் பல நாட்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவரை அவருடைய சொந்த வேலை நிற்கும். கை பழகிய நேரத்தில் புதியவர் ஊருக்குக் கிளம்பிவிட்டால் நஷ்டம் ஆய்வகத்துக்குத்தான். ஆகவே கடிதத்தைத் திறந்ததும் அவர் பார்ப்பது இதைத்தான்: ஏன் என்னிடம் கேட்கிறார், எத்தனை நாள் இருப்பார், என்ன வேலை தெரியும்?

விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டில் நண்டுகளை ஆராயும் ஒரு பேராசிரியரிடம் சேர விரும்புகிறார். முதல் வேலை, துறையின் இணையப் பக்கத்தில் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைக் கண்டுபிடித்து, முன்னுரையையும் ஆய்வு முறையையும் படிப்பது. சேற்றில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் நண்டு வளைகளை எண்ணியதாக அதில் இருக்கிறது. இங்கே ஒரு நல்ல கேள்வி எழுகிறது: எல்லா வளையிலும் நண்டு இருக்குமா? கைவிட்ட வளைகளும் உண்டே. ஒரே நண்டின் வளைக்கு இரண்டு வாயும் இருக்கலாமே.

கடிதம் ஆங்கிலத்தில் போகும். அதன் பொருள் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, நான் விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. நண்டு வளைகளைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆளில்லாத வளைகளை எப்படிப் பிரித்து எண்ணினீர்கள் என்று அறிய ஆவல். மே 5 முதல் ஜூன் 13 வரை ஆறு வாரம், இந்த ஆய்வில் தன்னார்வ உதவியாளராகச் சேர இடமுண்டா? நுண்ணோக்கி பயன்படுத்தவும், எண்ணிக்கைகளை எக்செல்லில் பதியவும் தெரியும். களப்பணி செய்ததில்லை. மதிப்பெண் பட்டியலை இணைத்துள்ளேன்."

கடைசிக்கு முந்திய வரியை எடுத்துவிடலாமே என்று தோன்றும். இருக்கட்டும். தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் முதல் நாளே சேற்றில் தெரிந்துவிடும். தேதிகளும் அப்படித்தான். இடையில் பெருநாள் வந்தாலோ, மறுதேர்வு இருந்தாலோ அந்த நாட்களை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

கெடுப்பது எது என்றால், ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்புவதுதான். பெறுநர் பகுதியில் மற்றவர்கள் முகவரியும் தெரியும்; அல்லது ஒட்டிய பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் நிற்கும். பெண் பேராசிரியருக்கு 'சார்' என்று போகும் கடிதங்களும் உண்டு. "தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர்வது என் கனவு" என்ற வரி யாருக்கும் பொருந்தும் என்பதால், அவரிடம் எதையும் சொல்வதில்லை. பொருள் வரியைக் காலியாக விடாமல் 'கோடைக்காலத் தன்னார்வப் பணி, மே–ஜூன், விலங்கியல் இரண்டாம் ஆண்டு' என்று எழுதினால், பின்னால் தேடும்போதும் அகப்படும்.

மே மாதம் சேர வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே எழுதுவது நல்லது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு, அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, புதிதாக எழுத வேண்டும். சில நிறுவனங்கள் கோடைப் பயிற்சிக்குத் தனி விண்ணப்பம் வைத்திருக்கின்றன. அங்கே மின்னஞ்சல் உதவாது. விண்ணப்பக் கடைசித் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளைக்காக நீங்கள் பேராசிரியருக்குப் போன் செய்ய வேண்டாம். தெரிந்த பெரிய மனிதர் மூலம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். தானாக எழுதிக் கேட்காத பிள்ளை, ஆய்வகத்தில் சந்தேகம் வந்தால் தானாகக் கேட்குமா என்றுதான் அவர் யோசிப்பார். மகள் எங்கே தங்குவாள், களத்துக்கு யாருடன் போவாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்ற கவலை நியாயமானதுதான். அவற்றை முதல் கடிதத்தில் அடுக்க வேண்டாம். "வரலாம்" என்று பதில் வந்தபின், மகளே அடுத்த கடிதத்தில் கேட்கட்டும். கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதம் வேண்டுமா, பணி முடிந்ததும் சான்றிதழ் தருவார்களா என்பதையும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம்.